தண்ணீர் நுழையும் இடம்

திருப்பதியில் பழைய லாட்ஜ் எதிலாவது தங்கியவர்களுக்குக் குளியலறைக் கதவின் அடிப்பாகம் நன்றாக நினைவிருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கீழே நான்கு விரற்கடை உயரத்துக்குப் பலகை உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்து, அதை மறைக்கத் தகரம் அடித்திருப்பார்கள். அந்தக் கதவின் முகத்தில் தினமும் தண்ணீர் தெறித்திருக்கிறது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போனது அடி விளிம்பு, ரம்பம் வெட்டிய இடம்.

அந்தக் கதவைத் தென்னை நாரும் ரெசினும் சேர்த்துச் செய்தால் என்ன? வாழை நாரில் செய்தால்? பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. நாரை ரெசினில் அமிழ்த்தித் தகடு வார்ப்பார்கள், பட்டை பட்டையாக வெட்டுவார்கள், இழுவை இயந்திரத்தில் மாட்டி உடைப்பார்கள். வந்த எண்ணை அட்டவணையில் போட்டதும் திட்ட அறிக்கை முடிந்துவிடும். அந்தத் தகட்டை ஒரு சித்திரை வெயிலிலும் அடுத்து வரும் ஐப்பசி மழையிலும் வெளியே போட்டுவைத்து, பிறகு உடைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்தப் பொருளின் சங்கதி முழுவதும் அந்த இரண்டாவது உடைப்பில்தான் இருக்கிறது.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வானிலை இதற்குத் தனியாக ஒரு சோதனைச்சாலை. மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காற்று காய்ந்து கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவத்தில் ஒன்று என்று மழை இரண்டு தவணையாக வரும். 2021 நவம்பரில் திருப்பதி நகரத் தெருக்களே ஆறாக ஓடியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் ஊரைவிட, காய்ந்து நனைந்து மறுபடி காயும் ஊர்தான் நார்ப் பலகைக்குக் கொடியது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டு நார், இரண்டு குணம்

தென்னை நாரும் வாழை நாரும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்தால் முதல் அடியிலேயே சறுக்கும். இரண்டும் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற பசை கட்டிவைத்திருக்கும் அமைப்புதான். ஆனால் விகிதம் வேறு. தென்னை நாரில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல், செல்லுலோஸும் ஏறக்குறைய அதே அளவு. வாழை நாரில் செல்லுலோஸ் 60 சதவீதத்துக்கு மேல், லிக்னின் பத்துக்குள்.

இதைவிட முக்கியமானது, உள்ளே இருக்கும் நுண்ணிழைகள் எந்தக் கோணத்தில் சுற்றியிருக்கின்றன என்பது. வாழை நாரில் அவை நாரின் நீளத்தோடு ஏறக்குறைய ஒட்டியே ஓடுகின்றன, சாய்வு சுமார் 11 டிகிரிதான். தென்னை நாரில் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்து, சுருள் கம்பி போலச் சுற்றிக்கொண்டு போகின்றன. இழுத்தால் முதலில் சுருள் நிமிரும், அதற்குப் பிறகுதான் இழை பாரத்தைத் தாங்கும். அதனால்தான் தென்னை நார் அறுவதற்கு முன் 15 முதல் 40 சதவீதம் வரை நீள்கிறது. வாழை நார் மூன்று சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். ஆனால் அதுவரை அது தாங்கும் விசை தென்னை நாரைப்போல மூன்று நான்கு மடங்கு.

இதை ரெசினோடு பொருத்திப் பாருங்கள். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் சுமார் இரண்டு சதவீதம் நீண்டதும் விரிசல் விடும். அந்த நேரத்தில் வாழை நார் தன் முழு பலத்தை நெருங்கியிருக்கும், அதனால் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். தென்னை நாரோ இன்னும் சுருளை நிமிர்த்தும் வேலையையே முடித்திருக்காது. அதன் விறைப்பும் ரெசினின் விறைப்பைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. ஆகவே தென்னை நார் போட்ட பாலியெஸ்டர் தகடு, நாரே போடாத வெறும் ரெசினைவிட இழுவையில் பலவீனமாக இருப்பது பலரை ஆச்சரியப்படுத்தும், ஆனால் நியாயமான விளைவு. தென்னை நாரின் பயன் அதற்கு அடுத்த கட்டத்தில் தெரியும். ரெசின் விரிசல் விட்ட பிறகு இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நீண்டுகொடுக்கும். தகடு கண்ணாடிபோல உடைந்து சிதறாது. அடி தாங்குவது அதன் வேலை, பாரம் சுமப்பது அல்ல.

வாழை நாரைப் பற்றி உற்சாகமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். குலை வெட்டிய வாழை மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். மட்டையை மெஷினில் விட்டு உரித்தால் காய்ந்த நாராக வருவது மர எடையில் ஒரு சதவீதம், அல்லது அதற்கும் கீழே. நூறு கிலோ நாருக்குப் பத்து டன்னுக்கு மேல் மரத்தைச் சுமந்து வர வேண்டும். வயலில் வைத்தே உரித்தால் மட்டும்தான் கட்டுப்படியாகும். உரித்த அன்றே சாற்றைக் கழுவிக் காயவைக்காவிட்டால் நார் பழுப்பேறிவிடும்.

திருவனந்தபுரத்தில் 1983

நாருக்கும் ரெசினுக்கும் இடையிலான பிணைப்பை இந்தியாவில் தொடக்கத்திலேயே ஆழமாகப் பார்த்தவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்தினர். இன்று அது என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற பெயரில் இயங்கும் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம். கே.ஜி. சத்தியநாராயணா, பி.கே. ரோஹத்கி, சி. பவித்ரன், எஸ்.வி. பிரசாத் போன்றவர்கள் எழுபதுகளின் கடைசியிலிருந்து தென்னை நாரையும் வாழை நாரையும் குடைந்து குடைந்து ஆராய்ந்தார்கள். வெறும் ஆய்வுக் கட்டுரையோடு நிற்காமல், ஸ்டெபிலைசர் உறை, புரொஜெக்டர் உறை, கூரைத் தகடு என்று பொருள்களாகவும் செய்து பார்த்தார்கள். இன்றைக்கு வரும் ஆய்வுகளில் பாதி, அவர்கள் கேட்ட கேள்வியையே வேறு செடியின் நாரை வைத்துத் திரும்பக் கேட்பவை என்பது என் எண்ணம்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் எளிமையானது. தென்னை நாரின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. தேங்காயைக் கடலில் மிதக்கவிடும் மட்டைக்கு அந்தப் படலம் தேவை. ஆனால் ரெசின் அதன்மேல் பிடிப்பதில்லை. அந்தப் படலத்தைத் தாண்டினால், செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும் பொருள், ரெசின் தண்ணீரை ஒதுக்கும் பொருள். இரண்டும் இயல்பாக ஒட்டாது.

பிரசாத், பவித்ரன், ரோஹத்கி மூவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் நாரை 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில், சுமார் 28 டிகிரி வெப்பத்தில் ஊறவைத்தார்கள். மூன்று நாள், அதாவது 72 முதல் 76 மணி நேரம் ஊறியபோது நாரின் இழுவை பலமே 15 சதவீதம் கூடியது. அதற்கு மேல் ஊறினால் பலம் மெல்ல இறங்கியது. முக்கியமான மாற்றம் மேற்பரப்பில் நடந்தது. மெழுகு போனது. நாரின் மேலே வரிசையாக இருக்கும் நுண்குழிகளை அடைத்திருந்த கொழுப்புப் பொருளும் கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பானது. ரெசின் அந்தச் சொரசொரப்பில் இறங்கி இறுகும்போது பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஒற்றை நாரை ரெசினிலிருந்து பிடுங்குவதற்குத் தேவைப்பட்ட விசை 90 சதவீதம் கூடியது. தகடாகச் செய்தபோது வளைவு பலமும் அடி தாங்கும் திறனும் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்ந்தன.

இங்கே எச்சரிக்கை ஒன்று. மூன்று நாள் என்பது தென்னை நாருக்கான கணக்கு. லிக்னின் நிறைந்த அந்த நார் அத்தனை காரத்தையும் தாங்கும். அதே கணக்கில் வாழை நாரைப் போட்டால் நார் பலமிழந்துவிடும். வாழைக்குக் கரைசலும் மெலிவாக இருக்க வேண்டும், நேரமும் சில மணிகளைத் தாண்டக்கூடாது. இன்னொன்று, ஊறவைத்த பிறகு மிஞ்சும் கருப்புத் தண்ணீர். காரமும் கரைந்த லிக்னினும் கலந்த அந்தக் கழிவை ஏரியிலோ சுவர்ணமுகியிலோ விட்டால், பிளாஸ்டிக்குக்கு மாற்று கண்டுபிடித்தோம் என்று பெருமை பேச முடியாது. அமிலம் சேர்த்து நடுநிலையாக்கித்தான் வெளியேற்ற வேண்டும். அந்தச் செலவு பட்டறைக் கணக்கில் ஏறினால் நாரின் விலை மலிவு என்ற வாதம் கொஞ்சம் மங்கும்.

ஒரு தகடு, 135 கிராம் நார்

கையால் ஒரு தகடு வார்க்கும் வேலையை உள்ளே போய்ப் பார்ப்போம். ஓர் அடிக்கு ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் சதுரம், நாலு மில்லிமீட்டர் கனம். எடையில் 30 சதவீதம் வாழை நார் என்று வைத்தால் தகடு சுமார் 450 கிராம் வரும். நார் 135 கிராம், பாலியெஸ்டர் ரெசின் 315 கிராம்.

நாரை 30 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குவது நல்லது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் லாலி போத்தன், சாபு தாமஸ் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இழுவைக்கு 30 மில்லிமீட்டர் நீளமும், அடி தாங்க 40 மில்லிமீட்டர் நீளமும் சிறப்பாக இருந்தன. 40 சதவீதம் நார் சேர்த்தபோது இழுவை பலம் 20 சதவீதமும் அடி தாங்கும் திறன் 34 சதவீதமும் கூடின. நார் இதைவிடக் குட்டையாக இருந்தால், ரெசின் அதைப் பிடித்து இழுக்கப் போதிய நீளம் கிடைக்காமல் நழுவிவிடும்.

அச்சில் மெழுகு தடவி, நாரைப் பரப்பி, ரெசினை ஊற்றி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றி, மேலே பாரம் வைப்பார்கள். ரெசினில் முதலில் கோபால்ட் ஆக்சிலரேட்டர் மூன்று கிராம் கலக்க வேண்டும், அது நன்றாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட் மூன்று கிராம். இரண்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பட்டறைக்காரர்கள் புதிதாக வருபவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமாக இது இருக்க வேண்டும்.

இந்த வேலையில் பெரும்பாலும் தவறுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளால். கையில் எடுத்தால் சருகுபோல் காய்ந்திருக்கும் வாழை நாரில்கூட பத்து, பதினொரு சதவீதம் ஈரம் இருக்கும். காற்றிலிருந்து நார் தானாகவே எடுத்துக்கொள்ளும் ஈரம் அது. நம் 135 கிராம் நாரில் அப்படிச் சுமார் 15 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. ஹாட் பிரஸ்ஸில் வைத்துச் சூடேற்றினால் அந்த 15 கிராமும் 25 லிட்டர் ஆவியாக விரியப் பார்க்கும், தகட்டின் மொத்தக் கொள்ளளவோ 360 மில்லிலிட்டர். அழுத்தத்தைத் திறந்த நொடியில் தகடு அப்பளமாகப் பொங்கும். கையால் வார்க்கும் குளிர்ந்த ரெசினில் பொங்காது, ஆனால் நாரைச் சுற்றி ரெசின் சரியாக இறுகாமல் மெல்லிய நீர்ப்படலம் தங்கிவிடும். அதனால் வெயிலில் காயவைத்தால் போதாது. 80 டிகிரி அடுப்பில் போட்டு, இரண்டு முறை அடுத்தடுத்து எடை பார்த்து, எடை இறங்குவது நின்ற பிறகு, சூடு ஆறுவதற்குள் அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். மழைக்கால மாலையில் அடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் பாதி ஈரம் திரும்பியிருக்கும்.

பிணைப்பு சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு துண்டை உடைத்து, உடைந்த முகத்தை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸில் பாருங்கள். நார்கள் நீளநீளமாக, சுத்தமாக, உறையிலிருந்து உருவியதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரெசின் பிடிக்கவே இல்லை. நார்கள் குட்டையாக அறுந்து, மேலே ரெசின் துணுக்குகள் ஒட்டியிருந்தால் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு நார்கூட நீட்டாமல் மொட்டையாக உடைந்திருந்தால் அதுவும் நல்லதல்ல. பிணைப்பு அளவுக்கு மீறி இறுகி, தகடு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

ஊறிக் காய்ந்தால்

இப்போது தண்ணீர். நார்க் கலவைத் தகட்டுக்குள் அது மூன்று வழியாகப் போகிறது. ரெசின் ஊடாக மெதுவாகக் கசிவது முதல் வழி. நாரின் உள்ளே இருக்கும் குழாய் வழியாக ஏறுவது இரண்டாவது. நாருக்கும் ரெசினுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஓடுவது மூன்றாவது. முதல் வழிக்குப் பெயின்ட் அடித்துத் தடை போடலாம். மற்ற இரண்டுக்கும் வாசல் எங்கே என்றால், நாரை வெட்டிய இடத்தில். விளிம்பு, ஆணித்துளை, கீல் பதித்த பள்ளம்.

உள்ளே போன தண்ணீரை நார் குடித்து, குறுக்கே பருக்கும். சுற்றியிருக்கும் ரெசின் பருக்காது. நார் ரெசினை உள்ளிருந்து நெட்டித் தள்ள, ரெசினில் மயிரிழை விரிசல்கள் விழும். பிறகு வெயில் வரும். நார் சுருங்கித் தன் பழைய கனத்துக்குப் போகும், ஆனால் விரிசல் விட்ட ரெசின் கூடவே போகாது. நாரைச் சுற்றி ஒரு குழாய்போல வெற்றிடம் உண்டாகும். அடுத்த மழையில் தண்ணீருக்குக் கசிந்து போக வேண்டிய அவசியமே இல்லை, திறந்த வழியிலேயே நுழையும். எப்போதும் நனைந்திருக்கும் தகட்டில் பருத்த நார் குறைந்தபட்சம் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டாவது இருக்கும். காய்ந்து நனையும் ஊரில்தான் பிணைப்பு ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்கிறது.

இதைச் சமையலறைத் தராசுக்குக் கொஞ்சம் மேலான ஒரு தராசை வைத்தே கண்டுபிடிக்கலாம். 20 கிராம் எடையுள்ள காய்ந்த துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, தினமும் எடுத்துத் துடைத்து எடை பாருங்கள். முதலில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகி, ஒரு இடத்தில் நிற்கும். அது 21.6 கிராமில் நின்றது என்று வைத்துக்கொள்வோம், 8 சதவீத ஈரம். இதுவரை எல்லாரும் செய்வார்கள். இனிதான் உண்மையான சோதனை. துண்டை அடுப்பில் முழுக்கக் காயவைத்து மறுபடி எடை பாருங்கள். 20 கிராம் திரும்பக் கிடைக்காமல் 19.8 வந்தால், நாரிலிருந்தோ இறுகாத ரெசினிலிருந்தோ ஏதோ கரைந்து போயிருக்கிறது. அதே துண்டை இரண்டாம் முறை ஊறப்போட்டால் முதல் முறையைவிட விரைவாக, முதல் முறையைவிட அதிகமாகக் குடித்தால், உள்ளே விரிசல் ஓடிவிட்டது. கண்ணாடி இழைத் தகட்டில் இந்த மொத்த ஈரமே ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதோடு ஒப்பிட்டு, நம்முடையதும் ஃபைபர் கிளாஸுக்குச் சமம் என்று விளம்பரம் செய்பவர்கள் முதல் உடைப்பின் எண்ணை மட்டும் காட்டுகிறார்கள் என்றே சந்தேகிக்க வேண்டும்.

24 மணி நேரச் சோதனை எண்ணைப் பார்த்து ஏமாறவும் இடம் உண்டு. தண்ணீர் ஊடுருவும் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மூன்று மில்லிமீட்டர் தகடு இரண்டு வாரத்தில் நிரம்புகிறது என்றால் ஆறு மில்லிமீட்டர் தகடு நிரம்ப எட்டு வாரம். கனமான தகட்டை ஒரு நாள் ஊறவைத்து, குறைவாகத்தான் குடிக்கிறது என்று சொல்வது, அது இன்னும் குடித்து முடிக்கவில்லை என்பதை மறைப்பது.

எங்கே வைக்கலாம்

குளியலறைக் கதவுக்கு, விளிம்பெல்லாம் ரெசினால் அடைத்து, அடியில் கண்ணாடி இழை உறை போர்த்தினால் ஓரளவு நிற்கும். அந்தச் செலவுக்கு நேரடியாகக் கண்ணாடி இழைக் கதவே வாங்கலாம், என் யோசனை அதுதான். அறைக் கதவு, அலமாரி, தடுப்பு, கட்டில் தலைப்பலகை என்றால் கதை வேறு. அங்கே தென்னை நாரைப் பாலியெஸ்டரில் கைவார்ப்பு செய்வதை விட்டுவிட்டு, ஃபினாலிக் பிசினில் சூடாக அழுத்திய பலகையாகச் செய்வதுதான் நடைமுறையில் வென்ற வழி. பெங்களூரில் உள்ள பிளைவுட் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வழியில் உழைத்திருக்கிறது. மேலே மர வெனீர் ஒட்டிய தென்னை நார்ப் பலகைக்கு ஐ.எஸ். 14842 என்ற இந்தியத் தரமே 2000இல் வந்துவிட்டது. தென்னை நாரின் லிக்னின் ஈரத்தையும் பூஞ்சையையும் வாழை நாரைவிட நன்றாகத் தாங்குவது இங்கே கைகொடுக்கிறது. ரப்பர் பாலில் நனைத்த தென்னை நார் மெத்தையும் இருக்கையும் இதே கலப்புப் பொருள் குடும்பம்தான், நாம் அப்படிச் சொல்வதில்லை அவ்வளவே. நீண்டுகொடுக்கும் நார், நீண்டுகொடுக்கும் ரப்பர், இரண்டின் குணமும் ஒத்துப்போவதால் அது தலைமுறைகளாக நிலைக்கிறது. பிரேசிலில் டெய்ம்லர் லாரிகளின் தலைச்சாய்வுக்கு இதையே பயன்படுத்தினார்கள்.

வைக்கவே கூடாத இடங்களும் உண்டு. தண்ணீர்த் தொட்டி, வெயிலும் மழையும் நேராக விழும் கூரை, உத்தரம். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடி பேட்டரிக்குப் பெயர்போன ஊர். பேட்டரிப் பெட்டியில் நாரைக் கலந்தால் என்ன என்ற யோசனை யாருக்காவது வந்தால், கந்தக அமிலம் செல்லுலோஸைச் சிதைத்துவிடும் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

வாழை நாருக்கு ஏற்ற இடம் காரின் உள்ளே இருக்கிறது. கதவின் உள்முகப் பலகை, டிக்கி விரிப்பு, கூரை உள்பலகை போன்றவை மழை படாதவை, பெரிய பாரம் தாங்காதவை, எடை குறைந்தால் லாபம். இங்கே ரெசின் பாலியெஸ்டர் அல்ல, பாலிப்ரொப்பிலீன். நாரோடு அது ஒட்டாது என்பதால் மாலெயிக் அன்ஹைட்ரைடு இணைத்த பாலிப்ரொப்பிலீனைச் சில சதவீதம் சேர்ப்பார்கள். அதன் ஒரு முனை நாரைப் பிடிக்கும், மறுமுனை பிளாஸ்டிக்கோடு கலக்கும். சூடு 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகி வாடை அடிக்கும், அந்த வாடை மூடிய காருக்குள்ளேயே தங்கிவிடும். வாழையின் உறவான அபாகா நாரை மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் அடியில் ஸ்பேர் வீல் பள்ளத்தின் மூடியாக 2004 வாக்கில் பொருத்தினார்கள். அது காருக்கு வெளியே, கல்லும் நீரும் தெறிக்கும் இடம். ஒரு நாரை வெளியிடத்துக்கு அனுப்பும் முன் பிணைப்பிலும் விளிம்பிலும் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதற்கு அது சான்று.

சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டியில் வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த மாதிரி ஒரு தொழிற்சாலைக்கு நார்ப் பலகை சப்ளை செய்ய நினைப்பவர் நாரின் பலத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது கட்டின் எடைச்சீட்டு. ஒரே மரத்தின் வெளிமட்டையும் உள்மட்டையும் வேறு வேறு நார் தரும். ஆனியில் வந்த கட்டும் கார்த்திகையில் வந்த கட்டும் வேறு வேறு ஈரத்தோடு வரும். நூறு கிலோ கட்டில் இருபது கிலோ தண்ணீர் என்றால் வாங்கியது எண்பது கிலோ நார்தான், அச்சில் போடும்போது கலவை விகிதமும் அந்த அளவுக்குப் பிசகும். அதனால் கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து கையளவு நாரை எடுத்து, அடுப்பில் காயவைத்து, காய்ந்த எடைக்குத்தான் காசு என்று கொள்முதல் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும்.